ஏ.டி.எச்.டி. தூண்டு மருந்துகள்: முதல் மூன்று மாதங்களில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கவனச் சிதறலும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி. குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற தூண்டு மருந்தைத் தொடங்கும் பள்ளி வயதுக் குழந்தையை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்கே சொல்லும் அளவுகள், மருத்துவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று புரிந்துகொள்வதற்கு மட்டும். இதைப் பார்த்து வீட்டிலேயே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஏற்கெனவே ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிற பிள்ளைக்குத் தூண்டிவிடுகிற மருந்தா? அது எப்படி அமைதிப்படுத்தும்?

குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. இந்த மருந்து கைகால்களைத் தூண்டுவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலையைத்தான் தூக்கிவிடுகிறது. செய்துகொண்டிருக்கிற காரியத்தில் நிலைத்திருப்பது, இடையில் தோன்றும் ஆசையை ஒரு நொடி நிறுத்தி வைப்பது, கேட்ட இரண்டு கட்டளைகளை முடிக்கும்வரை மனதில் வைத்திருப்பது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு.

ஒரு நரம்பணு அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்ல டோபமின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களை இடைவெளியில் விடுகிறது. விட்டதை உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ள அதே அணுவின் மேற்பரப்பில் சிறு வாயில்கள் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் அந்த வாயில்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைச் சில மணி நேரம் அடைத்து வைக்கிறது. அதனால் வெளியே வந்த டோபமின் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று வேலை செய்கிறது. எதிரே ஆசிரியர் பேசுவது அழுத்தமாகப் பதிகிறது. ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிச் சத்தம் பின்னுக்குப் போகிறது. பிள்ளை அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். தூக்க மருந்து கொடுத்ததுபோல மந்தமாக்குவது இதன் வேலையே அல்ல. மந்தமாக இருந்தால் அளவு தவறு என்று பொருள். அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். “மாத்திரை வேலை செய்கிறது, அப்படியானால் ஏ.டி.எச்.டி.தான்” என்று முடிவுகட்டக் கூடாது. இந்தக் குறைபாடு இல்லாத சிறுவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு தூண்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோதும் அசைவு குறைந்து கவனம் கூடியதை 1978-இலேயே அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் ராப்போபோர்ட் குழுவினர் காட்டிவிட்டார்கள். நோயறிதல் என்பது பிள்ளையின் வரலாறு, வீட்டிலும் பள்ளியிலும் பார்த்தவை ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். மாத்திரையைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை.

மாத்திரை போட்டால் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும்? எத்தனை மணி நேரம் நிற்கும்?

சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, மூன்று அல்லது நான்கு மணி நேரம் நிற்கும். ஆன்டிபயாடிக் போல நாள்கணக்கில் சேர்ந்து வேலை செய்கிற மருந்து இல்லை. இன்று போட்டது இன்று மட்டும்தான். அதனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை கடிகாரம்தான் எல்லாம்: பலன் எப்போது தெரிய வேண்டும், தொந்தரவு எப்போது வருகிறது, அது மருந்தின் உச்சத்திலா இறக்கத்திலா என்று நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நீண்ட நேர வகைகள் மருந்தால் வேறுபட்டவை அல்ல, வடிவத்தால் வேறுபட்டவை. ஒரு வகைக் கேப்ஸ்யூலில் சிறு மணிகள் இருக்கும். பாதி மணிகள் உடனே கரையும். மீதிப் பாதி பூச்சு போட்டவை, ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்துக் கரையும். இது எட்டு மணி நேரம் வரை வரும். இன்னொரு வகை, கெட்டியான ஓடுள்ள மாத்திரை. மேல் பூச்சில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான மருந்து முதலில் இறங்கும். பிறகு உள்ளே நீர் புகுந்து, மீதியை ஒரு நுண்ணிய துளை வழியாக மெல்ல மெல்ல வெளியே தள்ளும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அந்த ஓடு கரையாமல் மலத்தில் அப்படியே வரும். பார்த்துப் பதற வேண்டாம், உள்ளே இருந்த மருந்து இறங்கிவிட்டது.

இதனால்தான் ஓட்டு மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மணிக் கேப்ஸ்யூலைத் திறந்து, ஆறிய மென்மையான உணவு ஒரு கரண்டியில் தூவி உடனே கொடுக்கலாம் என்று பல தயாரிப்புகளின் குறிப்பேட்டிலேயே இருக்கும். ஆனால் மணிகளை மெல்லக் கூடாது, சூடான உணவில் போடக் கூடாது. உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதை மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாக்டர் 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கிறார், பலனே தெரியவில்லை. எடைக்குத் தகுந்த அளவை முதலிலேயே கொடுத்தால் என்ன?

எடையைப் பார்த்து இந்த மருந்தின் அளவைக் கணிக்க முடிவதில்லை. 25 கிலோ பிள்ளைக்கு 30 மி.கி. தேவைப்படலாம், 50 கிலோ பிள்ளைக்கு 15 மி.கி. போதுமானதாக இருக்கலாம். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, வாரம் ஒரு படி ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்ப்பதுதான் வழி. முதல் வாரத்தில் பலன் தெரியாமல் போவது தோல்வி இல்லை. 5 மி.கி. பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிற அளவுதான்.

எப்படி நடக்கும் என்று ஒரு எடுத்துக்காட்டில் பார்ப்போம். எட்டு வயதுச் சிறுவன். எடை 26 கிலோ, உயரம் 127 செ.மீ., நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 84, ரத்த அழுத்தம் 100/62. மருந்து தொடங்கும் முன்பே இந்த நான்கு எண்களும் எழுதப்பட்டுவிட்டன. கூடவே வகுப்பாசிரியர் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பித் தருகிறார். கவனச் சிதறல், துறுதுறுப்பு, அவசரத்தனம் பற்றிப் பதினெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 54-இல் அவன் மதிப்பெண் 39. இந்தப் படிவத்தில் எண் குறையக் குறைய நல்லது.

முதல் வாரம் காலை 7.30-க்கு 5 மி.கி., 11.30-க்கு 5 மி.கி. வெள்ளிக்கிழமைப் படிவத்தில் 35. ஏறக்குறைய மாற்றமில்லை, தொந்தரவும் இல்லை. இரண்டாம் வாரம் காலையில் மட்டும் 10 மி.கி., மதியம் பழையபடி 5. மதிப்பெண் 27. படிவத்தின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய ஒரு வரிதான் அந்த வாரத்தின் பெரிய செய்தி: “முதல் மூன்று பாடவேளை நன்றாக எழுதுகிறான், மதியத்துக்கு மேல் பழையபடிதான்.” அதாவது 10 மி.கி. வேலை செய்கிறது, 5 போதவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு வேளையும் 10. மதிப்பெண் 18.

இங்கேயே நிறுத்தலாமா, இன்னொரு படி ஏறலாமா என்பது அடுத்த கேள்வி. நான்காம் வாரம் காலை 15, மதியம் 10 கொடுத்துப் பார்க்கிறார்கள். மதிப்பெண் 17. வீட்டில் பார்த்தால் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது. இடைவேளையில் நண்பர்களோடு பேசாமல் தனியாக உட்கார்ந்து விரல் நகத்தோரத் தோலைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான். 18-லிருந்து 17-க்கு இறங்கியது உண்மையான முன்னேற்றம் இல்லை; படிவத்தை மறுநாள் நிரப்பினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். தொந்தரவு மட்டும் உண்மையாகக் கூடியிருக்கிறது. எனவே மருத்துவர் 10, 10-க்கே திரும்புகிறார். மேலே ஒரு படி ஏறிப் பார்த்ததால்தான் இதுவே சரியான அளவு என்று உறுதியாகத் தெரிந்தது.

அடுத்த மாதம், மதிய மாத்திரையைப் பள்ளியில் போடுவது தொல்லையாக இருப்பதால், 20 மி.கி. மணிக் கேப்ஸ்யூலுக்கு மாற்றுகிறார்கள். பாதி உடனே, பாதி நான்கு மணி நேரம் கழித்து என்பதால் அது 10, 10 கொடுத்ததற்கு ஏறக்குறைய சமம். இப்படி மாற்றும்போது பலன் முடிகிற நேரம் கொஞ்சம் நகரலாம், அதனால் முதல் இரண்டு வாரம் மீண்டும் நேரம் குறித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் “இப்போது சமர்த்தாக இருக்கிறான்” என்கிறார்கள். எனக்கோ அவன் பொம்மைபோல இருப்பதாகத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

உங்கள் கண்ணை நம்புங்கள். சரியான அளவில் இருக்கிற பிள்ளை சிரிக்கும், கேள்வி கேட்கும், விளையாடும். வேலை என்று வரும்போது மட்டும் அதில் நிற்கும். முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை சொல்வது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, தோலைப் பிய்ப்பது, சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் விடுவது, இவை மாத்திரை போட்ட ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் தொடங்கிப் பலன் இருக்கும்வரை இருந்தால், அளவு கூடிவிட்டது என்று பொருள். அமைதியான வகுப்பறை சிகிச்சையின் இலக்கு இல்லை. மருத்துவரிடம் சொன்னால் ஒரு படி குறைப்பார். பெரும்பாலும் பலன் அப்படியே இருக்க, பிள்ளை பழைய கலகலப்புக்கு வந்துவிடும். குறைத்தும் மாறவில்லை என்றால் இந்த மருந்தே அவனுக்கு ஒத்துவரவில்லை.

நாள் முழுக்க நன்றாக இருக்கிறான். சாயங்காலம் ஆனால் எரிந்து விழுகிறான், அழுகிறான். மருந்து குணத்தைக் கெடுக்கிறதா?

நேரத்தைக் குறித்து வையுங்கள். மாத்திரை இறங்குகிற நேரத்தில் ஆரம்பித்து, அரை மணியிலோ ஒரு மணியிலோ தானாக அடங்குகிறது என்றால் அது இறக்க நேர எரிச்சல். ரத்தத்தில் மருந்து வேகமாகக் குறையும்போது, மருந்துக்கு முன்பு இருந்ததைவிடவும் கொஞ்சம் கூடுதலாகத் துறுதுறுப்பும் கோபமும் தலைகாட்டும். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாத பசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பல வீடுகளில் பசியையும் மருந்தின் மேலேயே பழி போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் செய்து பார்க்க வேண்டியது எளிது. வீட்டுக்கு வந்தவுடன் வயிறு நிறையச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுப்பாடம், குளியல், கண்டிப்பு எதையும் வைக்காதீர்கள். ஒரு வாரம் பார்த்தும் அடங்கவில்லை என்றால், மெல்ல இறங்குகிற நீண்ட நேர வகைக்கு மாற்றுவதோ, பிற்பகல் 3 மணி வாக்கில் சிறிய அளவு சாதாரண மாத்திரை ஒன்று சேர்ப்பதோ மருத்துவரிடம் உள்ள வழிகள். எரிச்சல் காலையிலேயே, மருந்தின் உச்ச நேரத்திலேயே இருந்தால் கதை வேறு. அதற்கு மருந்து சேர்க்கக் கூடாது, குறைக்க வேண்டும். எழுதி வைத்த நேரம் இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

மதியம் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். எடை குறைகிறது. வளர்த்தி நின்றுவிடுமா?

பசி குறைவதுதான் இந்த மருந்தின் மிகச் சாதாரணமான தொந்தரவு. பலன் இருக்கும் நேரத்தில் பசி அடங்கியிருக்கும், இறங்கியதும் திரும்பி வரும். எனவே மதிய உணவோடு போராடுவதைவிட அதன் இரு பக்கத்தையும் பலப்படுத்துவது நல்லது. மாத்திரைக்கு முன்பே முழுமையான காலை உணவு. மதியம் கொஞ்சமாக, ஆனால் சத்து அதிகமாக. பள்ளி விட்டு வந்ததும் ஒரு சிறு சாப்பாடு. இரவு உணவு வழக்கத்தைவிடத் தாமதமாக. “சாப்பிட்டால்தான் விளையாட்டு” என்று கட்டாயப்படுத்தினால் உணவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

எடையைப் பார்க்கும்போது ஒரு நுட்பம் உண்டு. எட்டு வயதில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று கிலோ ஏற வேண்டும். மேலே சொன்ன சிறுவன் மூன்று மாதத்தில் 26-லிருந்து 25.5 கிலோவுக்கு வந்தான் என்று வைத்துக்கொள்வோம். தராசில் பார்த்தால் அரைக் கிலோதான் குறைவு. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவன் அரைக் கிலோவாவது ஏறியிருக்க வேண்டும், ஆக இழப்பு ஒரு கிலோவுக்குச் சமம். அதேபோல “எடை மாறவில்லை, அப்படியேதான் இருக்கிறான்” என்பது வளர்கிற பிள்ளைக்கு நல்ல செய்தி அல்ல. இதனால்தான் மருத்துவர் எண்ணை மட்டும் பார்க்காமல் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். பிள்ளை தன் கோட்டிலிருந்து கீழே உள்ள அடுத்த கோட்டுக்கு நழுவினால், உணவு நேரம் மாற்றுவது, அளவைக் குறைப்பது, விடுமுறையில் மருந்தை நிறுத்தி வைப்பது, மருந்தையே மாற்றுவது என்று வரிசையாகப் பார்ப்பார்.

உயரத்தைப் பொறுத்தவரை உண்மையை மறைக்கத் தேவையில்லை, பயமுறுத்தவும் தேவையில்லை. அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடந்து, 1999-இல் முதல் முடிவுகள் வெளிவந்த பெரிய ஆய்வில், இடைவிடாமல் மருந்து எடுத்தவர்கள் மூன்று ஆண்டு முடிவில், மருந்து எடுக்காதவர்களைவிடச் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். வளர்ச்சி நிற்பதில்லை, வேகம் கொஞ்சம் குறைகிறது. உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, செருப்பில்லாமல், முடிந்தவரை ஒரே அளவுகோலில் அளந்தால் போதும். எடையைப் பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

இரவு பத்தரை ஆகியும் தூங்குவதில்லை.

மருந்துக்கு முன்பு எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பலருக்கு முன்பே தூக்கம் தாமதம்தான். முன்பும் பத்தரை என்றால் இது மருந்தின் வேலை இல்லை. முன்பு ஒன்பது, இப்போது பத்தரை என்றால், கடைசி அளவு எப்போது போட்டது என்று பாருங்கள். பன்னிரண்டு மணி நேர மாத்திரையைக் காலை ஒன்பதரைக்குப் போட்டால் இரவு ஒன்பதரை வரை நிற்கத்தான் செய்யும். விடுமுறை நாளில் தாமதமாக எழுந்து தாமதமாக மாத்திரை போடுவதுதான் பல வீடுகளில் தூக்கம் கெடுகிற உண்மையான காரணம். நேரத்தை முன்னால் தள்ளுவது அல்லது குறுகிய நேர வகைக்கு மாறுவது முதல் படி.

இதயத்துக்கு ஆபத்து என்று படித்தேன். தொடங்கும் முன் இ.சி.ஜி. எடுக்க வேண்டாமா?

எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. சில கேள்விகளுக்கு “ஆம்” என்று பதில் வந்தால் கட்டாயம் தேவை. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சுவலி, படபடப்பு, வயதுக்கு மீறிய மூச்சுவாங்கல் உண்டா? பிறவி இதயக் கோளாறு, இதய அறுவை சிகிச்சை உண்டா? பெற்றோர், உடன்பிறந்தோரில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் பலர் தயங்குவார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். பிள்ளையைக் காக்கிற தகவல் அதுதான்.

இந்தக் குறைகள் இல்லாத பிள்ளைக்கு மருந்து நாடித்துடிப்பைச் சராசரியாக நிமிடத்துக்கு மூன்று முதல் ஆறு வரையும், ரத்த அழுத்தத்தை இரண்டு முதல் நான்கு புள்ளி வரையும் ஏற்றும். பன்னிரண்டு லட்சம் குழந்தைகள், இளைஞர்களின் பதிவுகளைப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம், திடீர் இதய மரணம் ஆகியவை மருந்தால் கூடியதாகக் காணவில்லை. ஆனால் சராசரி என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குக் கூடுதலாக ஏறும், அதற்காகத்தான் அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் நாடி, அழுத்தம் பார்க்கிறார்கள். பிள்ளையை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கைக்குத் தகுந்த சிறிய பட்டையால், மருந்து வேலை செய்கிற நேரத்தில் பார்க்க வேண்டும். மாத்திரை போடாமல் வந்த நாளில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. ஓய்வில் இருக்கும்போதே நாடி 120-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அளவைக் குறைத்து இதய மருத்துவரிடம் காட்டுவார்கள். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில சளி மருந்துகளும் நாடியை ஏற்றுபவை. கடையில் வாங்கும் முன் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள். எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற வகை மனச்சோர்வு மருந்தோடு இதைச் சேர்க்கவே கூடாது. அதை நிறுத்திப் பதினான்கு நாள் ஆகியிருக்க வேண்டும்.

இது போதைப்பொருள் சட்டத்துக்குக் கீழே வருகிற மருந்து என்கிறார்கள். பிள்ளை அடிமையாகிவிடுமா?

சட்டம் கட்டுப்படுத்துவது காரணத்தோடுதான், ஏனென்றால் தவறாகப் பயன்படுத்த முடியும். ஆனால் போதை வருவதற்கு மருந்து எது என்பது மட்டும் போதாது, எவ்வளவு வேகமாக மூளையை எட்டுகிறது என்பதும் வேண்டும். மாத்திரையாக விழுங்கினால் மூளையில் உச்சத்தை எட்ட ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதே மருந்தை ஊசியாக ஏற்றினால் சில நிமிடம். அடைபடும் வாயில்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், மெல்ல ஏறும்போது அந்தக் கிறுகிறுப்பு வருவதில்லை. சரியாக மருந்து எடுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாவது கூடுவதில்லை என்பதையே நீண்டகால ஆய்வுகளின் தொகுப்பும் காட்டியது.

உண்மையான ஆபத்து பதின்வயதில் வேறு வாசலில் வருகிறது. தேர்வு நேரத்தில் “எனக்கும் ஒன்று கொடு” என்று கேட்கும் நண்பன். பொடித்து மூக்கில் இழுத்தால் என்ன என்ற விபரீத ஆசை. எனவே அட்டையைப் பூட்டி வைத்து, வாரம் ஒரு முறை மாத்திரையை எண்ணிப் பாருங்கள். பெரிய பையன் என்றாலும் அன்றைய அளவை மட்டும் கையில் கொடுங்கள். மருத்துவருக்குக் கவலை இருந்தால், பொடித்தாலும் வேகமாக ஏறாத வகையை எழுதுவார்.

கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது தொடங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்தத் துடிப்புகள் ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்து வருவதுண்டு, தாமாகவே கூடிக் குறைவதும் உண்டு. மருந்து எடுத்த பிள்ளைகளையும் மருந்தில்லாத மாத்திரை எடுத்த பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில வாரம் குறித்துப் பாருங்கள். அளவு கூட்டியபோதெல்லாம் கூடுகிறது என்றால் மருத்துவர் மாற்றுவார்.

ஆனால் இல்லாத ஒன்றைப் பார்ப்பதாகவோ கேட்பதாகவோ சொல்வது, உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று துடிப்பது, காரணமில்லாத பெரும் சந்தேகம், தற்கொலைப் பேச்சு, இவை அரிது என்றாலும் காத்திருக்கிற விஷயங்கள் அல்ல. மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? தவறி இரண்டு தடவை கொடுத்துவிட்டால்?

மறந்த காலை மாத்திரையைப் பள்ளிக்குப் போகும் முன் நினைவு வந்தால் கொடுக்கலாம். பிற்பகல் ஆகிவிட்டால் அன்று விட்டுவிடுங்கள், இரவுத் தூக்கமாவது மிஞ்சும். மறுநாள் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரட்டையாகக் கொடுத்துவிட்டால் எந்த வகை, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு உடனே மருத்துவரையோ நச்சு ஆலோசனை மையத்தையோ அழையுங்கள். கடும் பதற்றம், நெஞ்சுவலி, உடல் சூடு, குழப்பப் பேச்சு, வலிப்பு இருந்தால் அழைத்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மெத்தில்ஃபெனிடேட் ஒத்துவரவில்லை. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. ஆம்ஃபெட்டமின் வகை அதே வாயில்களை அடைப்பதோடு, அணுவுக்குள் சேமித்து வைத்த டோபமினையும் வெளியே தள்ளுகிறது. செயல்படும் விதம் வேறு என்பதால், ஒன்றில் பலன் காணாத பிள்ளைக்கு மற்றொன்றில் கிடைப்பது சாதாரணம். அது கிடைக்காத இடங்களும் இருக்கின்றன. தூண்டு மருந்தே ஒத்துவராதவர்களுக்கு அட்டோமாக்செட்டின், குவான்ஃபசின் போன்றவை உண்டு. அட்டோமாக்செட்டின் முழுப்பலன் தெரியப் பல வாரம் ஆகும். குவான்ஃபசினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். “ஒத்துவரவில்லை” என்று முடிவுகட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: போதுமான அளவு வரை ஏற்றிப் பார்த்தோமா, அல்லது 5 மி.கி.யிலேயே கைவிட்டோமா?

ஞாயிறு, விடுமுறை நாள்களில் நிறுத்தலாமா? எத்தனை வருடம் கொடுக்க வேண்டும்?

சில பிள்ளைகளுக்குச் செய்யலாம், பசியும் வளர்ச்சியும் அதனால் தேறும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாலையில் ஓடுகிற, தண்ணீரில் குதிக்கிற, நண்பர்களை அடித்துவிட்டுத் தனியாகிற பிள்ளைக்கு அன்றும் மருந்து தேவை. பாடம் படிக்க மட்டுமே கொடுக்கிற மருந்து என்று நினைத்தால் இந்த முடிவு தவறிப்போகும். எத்தனை வருடம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை, மருத்துவரின் சம்மதத்தோடு, தேர்வும் புதிய வகுப்பின் முதல் வாரமும் இல்லாத இரண்டு வாரத்தில் மருந்தில்லாமல் விட்டு, அதே ஆசிரியர் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் ஏறாமல் இருந்தால் தொடரத் தேவையில்லாமல் இருக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

ஆசிரியரின் படிவமும் ஒரு சாதாரண நோட்டும். நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும், ஆனால் மணி இருக்க வேண்டும். இப்படி: “செவ்வாய். மாத்திரை 7.35, 10 மி.கி. ஆசிரியர்: கணக்கு முழுவதும் முடித்தான். மதிய உணவு கால் பங்கு. 4.10-க்கு அழுகை, சாப்பிட்டதும் 4.45-க்கு அடங்கியது. தூக்கம் 9.20.” இப்படிப் பதினான்கு வரி கையில் இருந்தால், அந்த அழுகை மருந்தின் இறக்கமா, பசியா, அளவு கூடியதா என்பதை மருத்துவர் பக்கத்தைப் புரட்டும்போதே பார்த்துவிடுவார்.